உங்களைப் பிடிச்சிருக்கு, அதனாலதான் மெதுவாப் போகலாம்ங்கிறேன்

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வயது 27, ஊர் திருச்சி. மேட்ரிமோனி ஆப் மூலம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரோடு ஆறு வாரமாகப் பேசுகிறேன். வீடியோவில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. என் மாமா விசாரித்துவிட்டார், நல்ல குடும்பம்தான். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் வேகம் தாங்கவில்லை. காலையில் மெசேஜ், மதியம் கால், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரப் பேச்சு. இங்கே அப்போது பன்னிரண்டரை. கூட இருக்கும் அக்கா எழுந்துவிடக் கூடாதென்று போர்வைக்குள் பேசுகிறேன். இப்போதே 'பொண்டாட்டி' என்கிறார். ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிடலாம் என்கிறார் அவர் அம்மா. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? நான் எழுதி, அனுப்பாமல் வைத்திருப்பது இது: "சாரி, தப்பா எடுத்துக்காதீங்க. டியூட்டி ரொம்ப ஜாஸ்தி. எனக்குக் கொஞ்சம் டைம் வேணும். கொஞ்சம் ஸ்பேஸ் குடுங்க ப்ளீஸ். சாரி." அனுப்பலாமா?

பதில்:

அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்ல நினைப்பதில் ஒரு தவறும் இல்லை. எழுதியிருக்கும் சொற்கள்தான் வேறொன்றைச் சொல்கின்றன.

முதலில் 'டைம் வேணும்' என்பதைப் பாருங்கள். நம் ஊர் கல்யாணப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் இருக்க நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் மரியாதையான வழி அது. 'கொஞ்சம் டைம் வேணும்' என்பதும் அதே வரிசைதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினார். பதினைந்து நாள் கழித்து அவர் தயாராகி ஃபோன் செய்தபோது அந்த வீட்டில் வேறு ஜாதகம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இந்தப் பெண் காத்திருக்கச் சொன்னார், அவர்கள் காதில் வேண்டாம் என்று விழுந்தது.

'ஸ்பேஸ்' அதைவிட மோசம். காதல் முறிவதற்கு முதல் நாள் சொல்லும் சொல்லாகவே அது இன்று பழகிவிட்டது. ராத்திரி அதைப் படிக்கிற மனிதர் தூங்க மாட்டார், நண்பன் ஒருவனை எழுப்பி "என்னடா அர்த்தம்?" என்று கேட்பார். நண்பன் சொல்லப்போவது நல்லதாக இருக்காது.

டியூட்டியைக் காரணம் காட்டியதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். உங்கள் வேலை கடினமானது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாக்கைக் காரணமாகச் சொன்னால், அந்தச் சாக்கு தீர்ந்ததும் வேகம் திரும்பி வந்துவிடும். "சரிம்மா, டியூட்டி அன்னிக்குப் பேச வேண்டாம், உன் ஆஃப் நாளைக்கு நாள் முழுக்கப் பேசலாம்" என்று அவர் அன்பாகவே சொல்வார். அப்புறம் உங்களுக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாளும் போகும். அடுத்து 'அன்னைக்கும் டியூட்டி போட்டுட்டாங்க' என்று ஒரு பொய் சொல்ல வேண்டி வரும். நீங்கள் இவரோடு வாழலாமா என்று யோசிக்கிறீர்கள், ஆரம்பமே இப்படி வேண்டாம்.

சாரியை இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள், இரண்டையும் எடுத்துவிடுங்கள். மன்னிப்பு கேட்டால் எதிரில் இருப்பவர் "பரவாயில்ல" என்பார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது, எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி உங்களுக்கு வேண்டியதைப் பார்ப்போம். 'வேகம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டீர்கள். உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: ஃபோன் நேரம், 'பொண்டாட்டி' என்ற அழைப்பு, ஆடிக்கு முன் பூ. முதலாவது உங்கள் தூக்கம், இரண்டாவது உங்கள் மனசு, மூன்றாவது இரண்டு குடும்பம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் 'இவளுக்கு நம்மையே பிடிக்கவில்லை' என்றுதான் அவர் பிரித்துப் பார்ப்பார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சின்னது, கொடுக்கக் கூடியது.

ஃபோன் நேரத்தில் ஆரம்பியுங்கள், அதுதான் எளிது. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சாப்பிட்டு முடித்து, மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டு பேசுகிற மனிதருக்கு உங்கள் பன்னிரண்டரை மணி எப்படியிருக்கும் என்பது தெரியாது. நீங்கள் போர்வைக்குள் பேசுகிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கென்னவோ சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று படுகிறது. ஒன்றரை மணிக்கு ஃபோனை வைத்துவிட்டுக் காலை ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம். அந்தக் கண்ணோடு போய் வார்டில் மருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். இது சாக்கு இல்லை, நடப்பு. அதனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

மாற்று நேரத்தையும் நீங்களே கொடுங்கள். உங்கள் இரவு ஒன்பதரை மணி அவருக்கு ஏழு மணி. அவர் வீடு திரும்பியிருப்பார், நீங்கள் இன்னும் படுத்திருக்க மாட்டீர்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரோஸ்டர் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் 'புதன், ஞாயிறு' என்று நிரந்தரமாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். வார ஆரம்பத்தில் 'இந்த வாரம் இந்த இரண்டு நாள்' என்று சொல்லிவிடுங்கள். காத்திருக்கிறவருக்கு நாள் தெரிந்தால் போதும், நடுவில் "ஆன்லைன்ல இருக்க, ஏன் பதில் இல்ல?" என்று கேட்கத் தோன்றாது.

'பொண்டாட்டி' விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அவர் ஆசையில் சொல்கிறார், அதைக் கெட்ட எண்ணமாக நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால், 'இல்லை' என்று சொல்லும் உரிமை நம்மை அறியாமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பூ வைப்பதும் அப்படித்தான். நிச்சயம் இல்லை, சும்மா உறுதிக்குத்தான் என்பார்கள். உறவுக்காரர்கள் நான்கு பேர் முன்னால் தலையில் பூ வைத்துப் புடவை கொடுத்த பிறகு பின்வாங்குவது, நிச்சயத்தை முறிப்பது போலவே வலிக்கும். ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், அது ஜூலை நடுவில் பிறந்துவிடும். அதனால்தான் அவர் அம்மா அவசரப்படுகிறார். அந்தக் காலண்டரையே உங்களுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போது வேண்டாம்' என்று நிறுத்தாமல், 'ஆடி போகட்டும், ஆவணியில் நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம்' என்று சொல்லுங்கள். ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. எந்த வீட்டிலும் புரியும் கணக்கு இது. திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒரு வாரம் லீவு கிடைக்குமா என்று மெசேஜ் அனுப்புவதற்கு முன்பே வார்டில் கேட்டுவிடுங்கள். கிடைக்காத லீவை நம்பி நாள் சொல்லிவிட்டால் அது இரண்டாவது ஏமாற்றமாகும்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதிப் பார்த்தது இது. உங்கள் பேச்சு எப்படியோ அப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

"போன வாரம் உங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் நாள் முழுக்கக் கூடவே இருந்தீங்கன்னு சொன்னீங்க இல்ல, அது எனக்கு மனசுல நின்னுடுச்சு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் அவசரமில்லாம, சரியாத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணணும்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு: நீங்க ராத்திரி பேசும்போது எனக்கு மணி பன்னிரண்டரை. ரூம்ல அக்கா தூங்குறாங்கன்னு போர்வைக்குள்ள பேசறேன், மறுநாள் டியூட்டில கண்ணு எரியுது. இனிமே வாரம் ரெண்டு நாள், உங்க டைம் ஏழு மணிக்குப் பேசலாமா? அந்த நேரம் முழுக்க உங்களுக்குத்தான். 'பொண்டாட்டி'ன்னு கூப்பிடறது இப்போ வேண்டாமே, பேர் சொல்லியே கூப்பிடுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். பூ வைக்கிறதையும் நாம நேர்ல பார்த்த அப்புறம் வச்சுக்கலாம். ஆவணில ஊருக்கு வரேன், அப்போ ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி வீட்டுல சொல்லலாம். இது வேண்டாம்னு சொல்றதுக்கான சுத்திவளைப்பு இல்லை. இந்த வாரம் உங்களுக்கு எந்த ரெண்டு நாள் தோதுப்படும்?"

அப்பா விஷயம் நான் கற்பனையாக வைத்தது. அந்த இடத்தில் அவர் உண்மையிலேயே செய்த, உங்களுக்குப் பிடித்த ஒரு காரியத்தை வையுங்கள். 'நீங்க ரொம்ப நல்லவர்' என்று பொதுவாக எழுதாதீர்கள், அதுவும் மறுக்கும்போது சொல்கிற வாசகம்தான்.

பிடிச்சிருக்கு என்பதற்கு அடுத்து 'ஆனா' வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? "உங்களைப் பிடிச்சிருக்கு, ஆனா..." என்று எழுதினால் அவர் 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை மட்டும்தான் படிப்பார். 'அதனாலதான்' என்று போட்டால் மெதுவாகப் போவதே பிடித்திருப்பதன் தொடர்ச்சியாகிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. 'வேண்டாம்னு சொல்றதுக்கான சுத்திவளைப்பு இல்லை' என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். நான் மேலே சொன்ன பழைய அர்த்தத்தை அடைக்கிற தாழ்ப்பாள் அது. கடைசியில் இருக்கும் கேள்வியும் வேண்டும். "ஓகேவா?" என்று கேட்டால் மொத்தத்துக்கும் அவர் அனுமதி கொடுக்க வேண்டியதாகிவிடும். எந்த இரண்டு நாள் என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மெசேஜைப் படித்த அன்று சாயங்காலமே அவர் அம்மா உங்கள் அம்மாவுக்கு ஃபோன் செய்ய வாய்ப்பு அதிகம். "என்ன சம்பந்தி, பொண்ணு இப்படிச் சொல்லுதாமே?" என்று கேட்கும்போது உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், பதற்றத்தில் "அவ கெடக்கறா சின்னப் பொண்ணு, நாம பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார். நீங்கள் அத்தனை கவனமாக எழுதியது ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். அம்மா சொல்ல வேண்டியது ஒரே வரி: "அவ ஆவணில வரா, நேர்ல பார்த்துட்டே பூ வச்சுக்கலாம், எங்களுக்கும் அதுதான் திருப்தி." இதை அம்மாவிடம் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விசாரித்த மாமாவுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

எழுத்தாகவே அனுப்புங்கள். குரல் பதிவில் உங்கள் தயக்கம்தான் முதலில் கேட்கும், எழுத்தை அவர் நிதானமாக இரண்டாவது முறை படிக்கலாம். "ஒரு விஷயம் பேசணும்" என்று முதலில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மீதியைத் தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள். அந்த இடைவெளியில் அவர் எல்லாக் கெட்டதையும் நினைத்து முடித்துவிடுவார். வேறெங்காவது எழுதி வைத்து, ஒரே மெசேஜாக ஒட்டி அனுப்புங்கள். ராத்திரிப் பேச்சு முடிந்த கையோடு வேண்டாம், சண்டை வந்த அன்றும் வேண்டாம். உங்களுக்கு ஆஃப் உள்ள ஒரு சனி அல்லது ஞாயிறு மதியம் ஒன்றரை மணி சரியாக இருக்கும். அவருக்கு அப்போது காலை பதினொன்று. நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அனுப்பினால் நீல டிக் வந்ததா என்று பாக்கெட்டில் இருக்கும் ஃபோனையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பதில் என்ன வரும்? முதல் பதில் சுருக்கமாக இருக்கலாம். "சரி" என்று ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டு அரை நாள் பேசாமலிருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆசையாக ஓடி வந்தவரை நில் என்று சொன்னால் கொஞ்சம் வாடத்தான் செய்வார். அந்த மௌனம் தாங்காமல் "கோவமா? சரி, ராத்திரி கால் பண்ணுங்க" என்று நீங்களே கட்டுப்பாட்டை உடைத்துவிடாதீர்கள். இது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

முதல் பதிலைவிட அடுத்த இரண்டு வாரத்தில் நடப்பதுதான் அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லும். ஒரு நாள் மறந்து பத்து மணிக்கு அழைத்துவிட்டு, "ஐயோ, உனக்கு லேட் ஆச்சுல்ல" என்று வைத்துவிட்டால் அது நல்ல அறிகுறி. பழக்கம் உடனே போகாது, ஆனால் அவர் உங்களை நினைக்கிறார். வாயால் சரி என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாளிலிருந்து அதே நேரம், அதே அழைப்பு, எடுக்காவிட்டால் வரிசையாக ஐந்து மிஸ்டு கால் என்றால், கொஞ்சம் கவலைப்பட வேண்டும். "வேற யாராவது இருக்காங்களா?" என்று ஒரு முறை கேட்பது பயத்தில் வருவது. இல்லை என்று பதில் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்பது, எங்கே இருக்கிறாய் என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது, உங்களிடம் பேசாமல் அம்மாவை விட்டு உங்கள் வீட்டில் நெருக்குவது, இவை வேறு. ஒரு சின்ன 'மெதுவாக'வைத் தாங்க முடியாதவரிடம் நாளை 'நான் வேலையை விட மாட்டேன்' என்று சொல்லும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அப்படித் தெரிந்தால் ஆவணி வரை காத்திருக்காமல் அம்மாவிடமும் மாமாவிடமும் பேசிவிடுங்கள்.

வாரம் இரண்டு முறைதான் என்றால் பேச்சும் மாற வேண்டும். 'சாப்பிட்டியா, தூங்கினியா'வில் ஆறு வாரம் போயிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே இருப்பது என்று பேசினீர்களா? பல பேச்சுவார்த்தைகளில் "அப்புறம் நான் அங்க வந்துடறேன்" என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடுகிறார்கள். சிங்கப்பூருக்குக் கணவனையோ மனைவியையோ டிபெண்டன்ட் பாஸ் என்ற குடும்ப அனுமதியில் அழைத்துவர, எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். வந்தாலும் அந்தப் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. 2021 மே முதல் அதற்குத் தனியாக வேலை பாஸ் வேண்டும். உங்கள் சம்பளம் அந்த அளவுக்குக் கீழே என்றால், நீங்கள் ஊர் திரும்புவதா, அவர் இங்கே சொந்தமாக வேலை தேடுவதா, சில வருடம் பிரிந்திருப்பதா என்பதைப் பூ வைத்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. கேட்ட நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அவருக்கும் அப்போது தெரியும்.

இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காக ஒரு வார்த்தை. இவர் விஷயத்தில் மாமா விசாரித்துவிட்டார், முகம் பார்த்துப் பேசியாகிவிட்டது. வீடியோவுக்கு ஒரு முறைகூட வராதவர், மெதுவாகப் போகலாம் என்றதும் திடீரென்று அவசரப் பணத் தேவையோடு வந்தால் இப்படி மெசேஜ் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட்டையும் பாஸ் அட்டையையும் படமெடுத்து அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

உங்களிடம் திரும்பி வருகிறேன். அவர் பதிலில் ஒரு பேரம் இருக்கலாம். "சரி, கால் ரெண்டு நாள் போதும், காலைல குட் மார்னிங் மட்டும் அனுப்பிக்கட்டுமா?" என்று கேட்டால், உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் தாராளமாகச் சரி சொல்லுங்கள். டியூட்டி முடிந்த பிறகுதான் பதில் போடுவேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.